204ஆம் அறைச் சாவி: லாட்ஜில் ஒரு ராத்திரியைக் கதையாக்குவது

"சின்ன லாட்ஜில் நைட் ட்யூட்டி பார்க்கும் ஒரு ரிசப்ஷனிஸ்ட். நடுராத்திரியில் ஒரு குடும்பம் வந்து இறங்குகிறது. புக் பண்ணியிருக்கிறோம் என்கிறார்கள், ஆனால் புக்கிங்கைக் காணோம். இதை வைத்து ஒரு சிறுகதை எழுதுகிறேன். எழுத எழுத வெறும் கவுன்ட்டர் சண்டையாகவே போகிறது. லாட்ஜ் வேலை தெரிந்தவர்கள் யாராவது, அந்த நேரத்தில் உண்மையில் என்னதான் நடக்கும் என்று சொல்லுங்களேன்."

சண்டை வரும், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காது. ராத்திரி ஒன்றரை மணிக்கு, வண்டியில் வந்த அலுப்போடு, யாராலும் அதற்கு மேல் கத்த முடியாது. அதற்குப் பிறகுதான் கதை ஆரம்பிக்கிறது. டெல்டா பக்கம் லாட்ஜ் கவுன்ட்டரில் ராத்திரி உட்கார்ந்து பழக்கப்பட்டவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நடுவில் கதையையும் ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். புக்கிங் தொலைவது அபூர்வம். பெரும்பாலும் அது இருக்கும், வேறு பக்கத்தில் இருக்கும். சின்ன லாட்ஜில் கம்ப்யூட்டர் இருந்தாலும் உண்மையான புக்கிங் ஒரு டைரியில்தான். பகலில் மேனேஜர் போனை எடுப்பார், கையில் கிடைத்த துண்டுச் சீட்டில் கிறுக்குவார், அப்புறம் நேரம் கிடைக்கும்போது டைரியில் ஏற்றுவார். போனில் வரும் ஆட்கள் "பதினாலாம் தேதி ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணிக்கு வந்துருவோம்" என்பார்கள். சாதாரண மனிதருக்கு அது பதினாலாம் தேதி ராத்திரி. ஆனால் ஒரு மணி, ரெண்டு மணி என்றால் நாட்காட்டியில் பதினைந்து பிறந்துவிட்டது. மேனேஜர் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு, பதினைந்தாம் தேதிப் பக்கத்தில் எழுதிவிடுவார். பதினாலாம் தேதி சாயங்காலம் ட்யூட்டிக்கு வரும் ராத்திரி ஆள் பதினாலாம் பக்கத்தைத்தான் பார்ப்பான். அதில் இந்தக் குடும்பம் இருக்காது. அவனும் இருக்கிற அறைகளை வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவான். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. நடுராத்திரி என்ற ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் நின்றுகொண்டு பேசியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வேறு காரணங்களும் உண்டு. ஆப்பில் வந்த புக்கிங்கை யாரும் பார்க்காமல் விடுவது, புக் செய்த மாப்பிள்ளை பெயரில் அறை இருக்க மாமனார் வந்து தன் பெயரைச் சொல்வது, ஒரே பெயரில் ஊரில் இரண்டு லாட்ஜ் இருப்பது. ஆனால் கதைக்கு நான் தேதிக் குழப்பத்தைத்தான் எடுப்பேன். அதில் வில்லன் கிடையாது.

அனுபவப்பட்ட ரிசப்ஷனிஸ்ட் பெயரை வைத்துத் தேட மாட்டான். "பணம் எந்த நம்பருக்குப் போட்டீங்க, ஸ்கிரீனைக் காட்டுங்க" என்பான். அதில் பணம் பெற்றவர் பெயர் இருக்கும், தேதி, நேரம் இருக்கும், பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண் இருக்கும். பெயர் முதலாளியுடையது என்றால் புக்கிங் இந்த லாட்ஜில்தான், சந்தேகமே இல்லை. அடுத்து டைரியில் ஒரு பக்கம் முன்னாலும் ஒரு பக்கம் பின்னாலும் புரட்டிப் பார்ப்பான். ஆக மூன்று நிமிடத்துக்குள் தவறு யாருடையது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். குடும்பத்துக்குத் தெரியாது. உங்கள் கதையில் அவனும் ஒன்றும் தெரியாமல் விழிப்பதுபோல எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் சண்டையைத் தவிர வேறு எதுவும் வரமாட்டேன் என்கிறது. தெரிந்துகொண்டு என்ன செய்கிறான் என்று எழுதிப் பாருங்கள்.

இரண்டாவது விஷயம் வெளியாட்களுக்குத் தெரியாதது. என்ட்ரி போடாத ரூம் என்று ஒன்று உண்டு. லாட்ஜில் தங்குகிற ஒவ்வொருவருக்கும் ரிஜிஸ்டரில் பெயர், ஊர், வந்த நேரம், கையெழுத்து, அடையாள அட்டை நகல் எல்லாம் வேண்டும். போலீஸ்காரர்கள் ராத்திரி ரவுண்டில் வந்து அந்த நோட்டைத்தான் கேட்பார்கள். ஆனால் பதினோரு மணிக்கு மேல் ஒரு வேன் டிரைவர் வந்து, "அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவேன், பாத்து ஏதாச்சும் பண்ணிக் குடு" என்று கேட்பார். வாடகை தொள்ளாயிரம் என்றால் அறுநூறு கொடுப்பார். ரிஜிஸ்டரில் ஏறாது, கல்லாவிலும் விழாது. அன்றைய ரூம் சார்ட்டில் அந்த அறைக்கு நேராக 'ரிப்பேர்' என்று எழுதி வைத்துவிட்டால் முதலாளி போன் செய்து கேட்டாலும் பதில் தயார். எல்லா லாட்ஜிலும் எல்லோரும் செய்வதில்லை. ஆனால் நடக்கிற காரியம்தான். ராத்திரி ஆளின் சம்பளத்தைத் தெரிந்துகொண்டால் ஏன் என்று புரியும்.

இந்த இரண்டையும் ஒரே ராத்திரியில் மோதவிடுங்கள். குடும்பத்தின் புக்கிங் மேனேஜரின் தவறால் அடுத்த பக்கத்தில் கிடக்கிறது. மிச்சம் இருந்த ஒரே அறையை நம் ஆள் நோட்டில் ஏற்றாமல் யாருக்கோ கொடுத்திருக்கிறான். இனி அவனால் மேனேஜரையும் காட்டிக்கொடுக்க முடியாது, தன்னையும் காட்டிக்கொள்ள முடியாது.

இடத்துக்கு நான் மயிலாடுதுறையைச் சொல்வேன். அங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் திருக்கடையூர். மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த தலம் என்பதால் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்ய எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். முகூர்த்த நாளில் ஒரே பிராகாரத்தில் பல ஜோடிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இதில் கதைக்கு உதவுகிற விஷயம், அறுபதாம் கல்யாணத்தைத் தள்ளிப்போட முடியாது என்பது. பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வருகிற அன்றைக்குச் செய்ய வேண்டும். அறுபது வருஷச் சுற்று முடிந்து, பிறந்த வருஷத்தின் பெயரே திரும்பி வருகிற நேரம் அது. விடிகாலையில் குளித்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கோயிலில் இருந்தாக வேண்டும். ஆக, ராத்திரி ஒன்றரை மணிக்கு இந்தக் குடும்பத்துக்குத் தேவைப்படுவது தூக்கம் இல்லை. ஒரு குளியலறையும், நான்கு பெண்கள் நின்று புடவை மாற்ற ஒரு மூடிய கதவும்தான். சண்டையிலிருந்து கதையைக் கிளப்புவது இந்தச் சின்னத் தேவைதான்.

சரி, எழுதிக் காட்டுகிறேன். ரிசப்ஷனிஸ்ட் பெயர் செல்வம் என்று வைத்துக்கொள்கிறேன். குடும்பம் ஈரோட்டிலிருந்து வருகிறது.

*

வேன் வந்து நின்ற சத்தத்தில் செல்வம் தலையைத் தூக்கினான். ஷட்டரை அரைவாசி இறக்கி வைத்திருந்தான். அதற்குக் கீழே முதலில் ஒரு பித்தளைக் குடம் தெரிந்தது, அப்புறம் அதைப் பிடித்திருந்த கை, அப்புறம் குனிந்து உள்ளே வந்த ஓர் அம்மா. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக ஒன்பது பேர். தூங்கிய குழந்தையைத் தோளில் போட்டிருந்த இளைஞன் கவுன்ட்டருக்கு வந்தான்.

"ஈரோட்டுல இருந்து வர்றோமுங்க. ரெண்டு டபுள் ரூம் சொல்லியிருந்தோம். திருச்சி தாண்டி டயர் போயிருச்சு, அதான் கொஞ்சம் லேட்டுங்க."

செல்வம் டைரியைத் திறந்தான். பதினாலாம் பக்கத்தில் ஏழு பெயர்கள். ஏழு பேரும் வந்து சாவி வாங்கிக்கொண்டு போயாகிவிட்டது. ஈரோடு இல்லை.

"யார் பேர்ல சார்?"

"என்ற பேர்லதான். கார்த்தி. போன வாரமே ஆயிரம் ரூபா போட்டுட்டமுங்களே."

"எந்த நம்பருக்குன்னு கொஞ்சம் காட்டுங்க."

போன் வெளிச்சத்தில் முதலாளியின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. செல்வம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் பேனாவைத் தேடுவதுபோலக் குனிந்து, டைரியின் அடுத்த பக்கத்தைப் புரட்டினான். மேனேஜரின் சாய்ந்த கையெழுத்து. *ஈரோடு பார்ட்டி, 2 டபுள், அட். 1000.* பதினைந்தாம் தேதி. அவன் பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டான்.

"ரூம் எதுவும் இல்லீங்க சார். முகூர்த்தம். எல்லாம் ஃபுல்."

அதற்குப் பிறகு கார்த்தி கத்தினான். வேனிலிருந்து இறங்கி வந்த சித்தப்பா ஒருவர் அவனைவிடச் சத்தமாகக் கத்தினார். போலீஸுக்குப் போவேன் என்றார். முதலாளிக்குப் போன் போடு என்றார். குழந்தை விழித்து அழுதது. மாடியில் யாரோ கதவைத் திறந்து எட்டிப்பார்த்து மூடினார்கள். செல்வம் "சார், சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்று நாற்பதுக்கு முதலாளிக்குப் போன் போட்டால் முதல் கேள்வி எதுவாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். எந்த ரூமெல்லாம் காலி, சார்ட்டைப் படி.

அவனாகவே பக்கத்து லாட்ஜ்களுக்குப் போன் போட்டான். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற அண்ணன் எடுத்து, "தம்பி, வராண்டாவுலயே ரெண்டு ஃபேமிலி படுத்திருக்கு" என்றார். இன்னோர் இடத்தில் ஒரு ஏசி அறை இருந்தது, இரண்டாயிரத்து எண்ணூறு. மூன்றாவது இடத்தில் போனே எடுக்கவில்லை.

அதற்குள் சித்தப்பா களைத்துப்போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பேசாமல் நின்றிருந்த பெரியவர் கவுன்ட்டர் பக்கம் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூடி போட்ட மைப்பேனா. இவருக்குத்தான் விடிந்தால் அறுபதாம் கல்யாணம் என்பது கேட்காமலே தெரிந்தது. அந்த அம்மாவும் குடத்தோடு அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

பெரியவர் கவுன்ட்டர் மேல் இருந்த ரூம் சார்ட்டை இந்தப் பக்கத்திலிருந்தே தலைகீழாகப் படித்தார். படித்து முடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"இருநூத்தி நாலு ரிப்பேருன்னு போட்டிருக்குதுங்களே தம்பி."

"ஆமாங்கய்யா. குழாய் உடைஞ்சு போச்சு. தண்ணி வராது."

"தண்ணி கீழ வருதுங்களா?"

"கீழ வருதுங்கய்யா, ஆனா..."

"அப்பறம் என்னங்க கண்ணு," என்றார் அம்மா. "நாங்க வாளில தூக்கிக்கிறோம். குளிச்சு, துணி மாத்திட்டு, நாலரைக்குக் கிளம்பிருவோம். கட்டில் கூட வேண்டாங்க."

செல்வத்துக்கு அதற்குப் பதில் இல்லை. கத்தினால் சமாளித்திருப்பான்.

"மின்சாரமும் இல்லீங்கம்மா," என்றான்.

"டார்ச்சு வெச்சிருக்கறோம்," என்றாள் கூட வந்த பெண் ஒருத்தி.

பெரியவர் சாவிப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற கொக்கிகள் எல்லாம் காலி. ஆட்கள் தங்கியிருக்கிறார்கள், சாவி அவர்களிடம் இருக்கிறது. 204இன் கொக்கியும் காலி. அவர் குரலைத் தாழ்த்தினார். பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது.

"ரிப்பேர் ரூமு சாவி யாருகிட்டங்க தம்பி இருக்குது?"

செல்வம் வாயைத் திறந்தான். பிளம்பர் என்று சொல்ல நினைத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு எந்தப் பிளம்பர்.

"நான் ட்ரெஷரில இருந்தனுங்க," என்றார் பெரியவர். "போன மாசந்தான் ரிட்டையர் ஆனேன்." வேறு ஒன்றும் சொல்லவில்லை. போய்ச் சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

செல்வம் மாடிப்படியடியில் படுத்திருந்த ரூம் பாய் முருகேசனை எழுப்பினான். "அண்ணே, ஸ்டோர் சாவி எடுங்க. ரெண்டு பெட்ஷீட், நாலு துண்டு. அப்புறம் மொட்டை மாடி வால்வைத் தொறந்து விடுங்க."

"வெந்நி அஞ்சு மணிக்குத்தான."

"இப்ப தொறங்கண்ணே."

இரண்டாம் மாடியில் 204ஐத் தட்டினான். நான்காவது தட்டலில் டிரைவர் லுங்கியோடு கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் கிளீனர் பையன் கட்டிலில் குப்புறக் கிடந்தான். செல்வம் பையிலிருந்து மூன்று இருநூறு ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினான்.

"என்னய்யா இது?"

"காலி பண்ணிக் குடுங்கண்ணே. செக்கிங் வர்றாங்களாம்."

டிரைவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இந்தத் தொழிலில் அவரும் நிறைய லாட்ஜ் பார்த்தவர். "மூணு மணி நேரம் படுத்துருக்கேன். அதுக்கும் சேத்தா திருப்பித் தர்ற?"

"வச்சுக்கங்க."

"பயந்த பய," என்று சொல்லிக்கொண்டே அவர் கிளீனரைக் காலால் உசுப்பினார். வெளியே போகும்போது, தன் வேனை எங்கே நிறுத்தினால் கொசு கம்மி என்று கேட்டார்.

முருகேசன் பெட்ஷீட்டை உதறி விரித்தார். பெண்கள் பைகளோடு மேலே போனார்கள். குளியலறைக் குழாயைத் திருகியதும் தண்ணீர் கொட்டியது, கொஞ்ச நேரத்தில் சூடாகவும் வந்தது. விளக்கும் எரிந்தது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆண்கள் பின்பக்கத் தொட்டியில் குளித்தார்கள்.

கார்த்தி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வந்தான். வந்த நேரம் என்ற கட்டத்தில் செல்வம் 2.20 என்று எழுதினான். சார்ட்டில் 'ரிப்பேர்' என்பதைக் கோடு போட்டு அடித்து, 'ஈரோடு' என்று எழுதினான்.

"அப்ப எங்க புக்கிங்?" என்றான் கார்த்தி. குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

செல்வம் டைரியின் பதினைந்தாம் பக்கத்தைப் புரட்டி அவன் பக்கம் திருப்பி வைத்தான்.

கார்த்தி படித்தான். "நான் பதினாலு ராத்திரின்னுதானுங்க சொன்னேன்."

"சொல்லியிருப்பீங்க சார். எங்க மேனேஜர் ஒரு மணின்னதும் பதினஞ்சுன்னு எழுதிட்டாரு."

*

காலை ஆறரைக்கு மேனேஜர் வருவார். கதையை அங்கே முடிப்பேன். ஷிஃப்ட் மாறும்போது மூன்று விஷயம் சரிபார்ப்பார்கள்: கல்லாப் பணம், ரிஜிஸ்டர், ரூம் சார்ட். பணத்தில் குறை இல்லை, ஏனென்றால் அறுநூறு ரூபாய் கல்லாவுக்கு வரவே இல்லை, கல்லாவிலிருந்து போகவும் இல்லை. சார்ட்டில்தான் 'ரிப்பேர்' என்று எழுதி அடித்தது நிற்கிறது. "இருநூத்தி நாலு என்னப்பா ரிப்பேரு?" என்று மேனேஜர் கேட்பார். "சரியாயிடுச்சு சார்" என்பான் செல்வம். மேனேஜருக்கு இந்தப் பதில் போதாது. அவரும் ஒரு காலத்தில் ராத்திரி ட்யூட்டி பார்த்தவர்தான். அடுத்து ஏதோ கேட்க வாயெடுக்கும்போது டைரி பதினைந்தாம் பக்கத்தில் திறந்தே கிடப்பதைப் பார்ப்பார். தன் கையெழுத்தையும் பார்ப்பார். அதற்கு மேல் இருவரும் எதுவும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். டீ வரச் சொல்வார், அவ்வளவுதான். ஒருவர் குடுமி இன்னொருவர் கையில் என்பதால்தான் பல லாட்ஜ்களில் பகல் ஆளும் ராத்திரி ஆளும் வருஷக்கணக்கில் சுமுகமாக இருக்கிறார்கள்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாளியை ராத்திரியில் போனில் கொண்டுவந்து கத்தவிடாதீர்கள். அவர் வந்துவிட்டால் முடிவெடுக்கிற பொறுப்பு அவரிடம் போய்விடும், செல்வம் வெறும் தூது ஆகிவிடுவான். அவர் போன் நம்பருக்குப் பயந்துகொண்டே செல்வம் இருப்பதுதான் நல்லது. ரூம் பாயை இளைஞனாக எழுதாதீர்கள். சின்ன லாட்ஜ்களில் பெரும்பாலும் ஐம்பது தாண்டியவர்தான் அந்த வேலையில் இருப்பார். மேனேஜருக்குத் தெரியாததும் அவருக்குத் தெரியும். 204இல் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். அதனால்தான் மேலே முருகேசன் ஏன் எதற்கு என்று கேட்காமல் வெந்நீர் நேரத்தை மட்டும் கேட்கிறார்.

வெந்நீர் விஷயமும் அப்படித்தான். சின்ன லாட்ஜில் மொட்டை மாடியில் சோலார் டேங்க் இருக்கும், காலை ஐந்திலிருந்து எட்டு வரை என்று போர்டு தொங்கும். மற்ற நேரத்தில் வால்வை மூடி வைப்பார்கள், இல்லாவிட்டால் ராத்திரியே யாராவது துணி துவைத்துத் தீர்த்துவிடுவார்கள். அந்த வால்வை இரண்டு மணிக்குத் திறந்தால் ஐந்து மணிக்கு மற்ற அறைக்காரர்களுக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வரும், புகாரும் வரும். ஆக அவன் செய்கிற உதவிக்கு ஒரு விலை இருக்கிறது, அதை வேறு முகூர்த்தக்காரர்கள் கொடுக்கிறார்கள். விரும்பினால் ஐந்து மணிக்கு அடிக்கிற இன்டர்காம் மணியாக இதை ஒரே வரியில் சொல்லலாம்.

இரண்டாவது அறை என்ன ஆகும் என்று வாசகர் கேட்பார். அதற்கும் பதில் டைரியிலேயே இருக்கிறது. பதினைந்தாம் தேதிக்கு இரண்டு டபுள் அவர்கள் பெயரில்தான் இருக்கின்றன. இந்த மாதிரி லாட்ஜ்களில் பல இடத்தில் 24 மணி நேரக் கணக்கு என்பதால் 204 மறுநாள் ராத்திரி 2.20 வரை அவர்களுடையது. முந்தின நாள் மதியம் வந்தவர்கள் காலி செய்ததும் இன்னொன்று கிடைத்துவிடும். கோயிலில் எல்லாம் முடிந்து பதினொரு, பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தால் கேட்ட இரண்டு அறையும் தயாராக இருக்கும். அட்வான்ஸ் ஆயிரத்தை வாடகையில் கழித்துக்கொள்வார்கள். எழுதப்பட்டபடி பார்த்தால் புக்கிங்கில் ஒரு தவறும் நடக்கவில்லை என்றுகூட மேனேஜர் வாதாடுவார்.

அப்படி அவர்கள் மாலையும் கழுத்துமாகத் திரும்பி வரும்போது செல்வத்தைக் கவுன்ட்டரில் நிறுத்தி வைக்க ஆசை வரும். அவன் பெரியவர் காலில் விழுவது, அவர் அவன் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்வது எல்லாம் பேனா நுனியில் வந்து நிற்கும். செய்யாதீர்கள். பதினொரு மணிக்கு ராத்திரி ஆள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். அவர்களுக்குச் சாவி கொடுக்கப்போவது பகல் மேனேஜர்தான். அவரும் "வாங்க வாங்க, உங்க ரூம் ரெடியா இருக்கு" என்றுதான் வரவேற்பார்.